கார்ட்டில் நின்றுபோன ராகி

இணையக் கடையில் கார்ட்டில் பொருளைப் போட்டவர்களில் எத்தனை பேர் வாங்காமல் போகிறார்கள் என்று கேட்டால் உலகமெங்கும் ஒரே பதில் வருகிறது: பத்தில் ஏழு பேர். கோபன்ஹேகனைச் சேர்ந்த பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளில் வெளிவந்த ஏறத்தாழ ஐம்பது கணக்குகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, 70 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று சொன்னது. அதற்குப் பிறகு மென்பொருள் விற்கிற எல்லோரும் அந்த எண்ணிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். உங்கள் கடையிலும் பத்துக்கு ஏழு ஆர்டர் கைநழுவுகிறது, எங்கள் மெயில் அதைத் திருப்பிக் கொண்டுவரும் என்பார்கள். சிறு கடைக்காரர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்து மாதச் சந்தா கட்டிவிடுகிறார்.

நழுவியது எல்லாமே ஆர்டர்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மோனிகா குக்கர்-கின்னி, ஏஞ்சலின் குளோஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2010-இல் சந்தையியல் ஆய்விதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதினார்கள். மக்கள் கார்ட்டை வாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் கண்டது. பொழுதுபோக்காகப் பார்க்கிறார்கள், பிடித்ததை மறக்காமல் இருக்கப் போட்டு வைக்கிறார்கள், டெலிவரி சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பார்க்கிறார்கள், விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். வாரச் சந்தையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்து விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்கிறவரை யாரும் இழந்த வாடிக்கையாளர் என்று எழுதி வைப்பதில்லை. இணையத்தில் அவர் எடுத்துப் பார்த்தது பதிவாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே 'கைவிடப்பட்ட கார்ட்' என்று மென்பொருள் காட்டும் ஒரே பட்டியலுக்குள் மூன்று வகை ஆட்கள் கலந்து கிடக்கிறார்கள். அன்றைக்கு வாங்கும் எண்ணமே இல்லாதவர் ஒருவர். வாங்க வந்து, கடை வைத்த ஏதோ ஒரு தடையில் நின்றவர் இன்னொருவர். பணம் கட்டும்போது வங்கியோ சிக்னலோ காலை வாரியதால் நின்றவர் மூன்றாமவர். மூவருக்கும் ஒரே மெயிலை ஒரே நேரத்தில் அனுப்புவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. இரண்டாமவருக்கு வேண்டியது மெயிலே அல்ல, கடையைச் சரிசெய்வது. மூன்றாமவருக்கு நிமிடக் கணக்கில் தகவல் போக வேண்டும். நினைவூட்டல் என்ற பெயருக்குரிய மெயில் முதல்வகையில் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.

இதைத் தேன்கனிக்கோட்டையில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். ஓசூரின் ஆலைகள் ஒருபக்கம், அஞ்செட்டிக் காடு மறுபக்கம், எல்லைக்கு அப்பால் பெங்களூரு. சுற்றுவட்டாரத்தில் ராகி, கொள்ளு, அவரை, புளி. இங்கிருந்து ராகி மாவும் கொள்ளும் புளியும் இணையத்தில் விற்கிற ஒரு சிறு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வூகாமர்ஸில் போட்ட கடை, ஒருவரோ இருவரோ நடத்துவது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெங்களூரில் வேலை செய்கிறவர்கள், மற்றவர்கள் ஓசூர் ஆலைகளில் இருப்பவர்கள். இனி வரும் கடைக்கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

ஒருவர் ராகி மாவு 2 கிலோ, கொள்ளு 1 கிலோ, புளி அரைக் கிலோ எடுக்கிறார். பொருள் விலை 520 ரூபாய். கடைசிப் பக்கத்தில் டெலிவரி 80 ரூபாய் சேர்ந்து 600 ஆகிறது. பேமார்ட் அமெரிக்கர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், 'சும்மா பார்த்தேன்' என்றவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வாங்காததற்குச் சொன்ன காரணங்களில் முதலிடம் இந்தக் கூடுதல் செலவுக்குத்தான். ஏறத்தாழ பாதிப் பேர் அதைச் சொன்னார்கள். தானியம் விற்கிறவருக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். சேலைக்கு எடை குறைவு, விலை அதிகம். மாவுக்கு எடை அதிகம், விலை குறைவு. கூரியர்காரர் எடைப்படியாகத்தான் பணம் வாங்குகிறார். பெட்டி பெரிதாக இருந்தால் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் 'கன எடை'யை எடுத்துக்கொள்வார். இந்தச் செலவை ஒழிக்க வழியில்லை. கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்காமல் இருக்கலாம்.

பொருள் பக்கத்திலேயே ஒரு பின்கோடு கட்டம் வைத்து, '560068-க்கு டெலிவரி ரூ.80, இன்னும் ஒரு கிலோ சேர்த்தாலும் அதே 80' என்று காட்டிவிட்டால், கார்ட் எண்ணிக்கை குறையும். விலை பிடிக்காதவர் கார்ட்டில் போடாமலே போவார். கைவிடப்பட்ட விகிதம் இறங்கும், விற்பனை அப்படியே நிற்கலாம். இதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். ஆனால் இரண்டாவது பாக்கெட் சேர்த்தால் டெலிவரி ஏறாது என்று முன்கூட்டியே தெரிந்தவர் பெரிய ஆர்டராகப் போடுவார்; எடை அதிகமான பொருளுக்கு ஆதாயம் அங்கேதான் இருக்கிறது.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வரிக்கு உட்பட்ட பொருளை மாநிலம் தாண்டி விற்க, விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பெங்களூரு பக்கத்து ஊர்தான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் வெளிமாநிலம். பதிவு எடுத்த சிலர் உற்சாகத்தில் செக்-அவுட் பக்கத்தில் பொருள் விலைக்கு மேல் வரியைத் தனியாகக் கூட்டிக் காட்டுகிறார்கள். பாக்கெட்டில் அச்சிடும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி தவறு, வாங்க வந்தவர் பாதியில் திரும்பிப்போக அது ஒரு காரணமும்கூட. வூகாமர்ஸில் 'விலை வரி சேர்த்தது' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால், தமிழ்நாட்டு ஆர்டரும் கர்நாடக ஆர்டரும் ஒரே தொகையைக் காட்டும். உள்ளே வரி எப்படிப் பிரிகிறது என்பது கடைக்காரருக்கும் ஆடிட்டருக்கும் உள்ள விஷயம்.

அடுத்து படிவம். இதைப் பற்றிப் பேசும் எவரும் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய '30 கோடி டாலர் பட்டன்' கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. பெரிய கடை ஒன்றில் கார்ட்டுக்கும் பணம் கட்டுவதற்கும் நடுவே 'உள்நுழை' அல்லது 'பதிவு செய்' என்று ஒரு பக்கம் நின்றது. பதிவு பட்டனை எடுத்துவிட்டு, 'தொடரவும்' என்று ஒன்றை வைத்து, கணக்கு தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கியவர்கள் 45 சதவீதம் கூடினார்கள், முதல் ஆண்டில் 30 கோடி டாலர் அதிகம் வந்தது என்கிறார் ஸ்பூல். கடையின் பெயரை அவர் சொல்லவில்லை, ஒப்பீட்டுக்கு மாற்றாத பக்கம் ஏதும் வைத்ததாகவும் இல்லை, எனவே 45 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கடையில் பழைய வாடிக்கையாளர்களே பாஸ்வேர்டு மறந்து பலமுறை பதிவு செய்திருந்தார்கள் என்ற தகவல் நம்மூருக்கும் அப்படியே பொருந்தும். ராகி மாவு வாங்க யாருக்கும் பாஸ்வேர்டு தேவையில்லை. கணக்கில்லாமல் வாங்கும் வசதி வூகாமர்ஸில் ஒரு டிக்கில் கிடைக்கிறது.

வூகாமர்ஸின் பழைய பாணி செக்-அவுட் பக்கத்தை அப்படியே விட்டால் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும்: பெயர், குடும்பப் பெயர், நிறுவனம், நாடு, முகவரி இரண்டு வரி, ஊர், மாநிலம், பின்கோடு, போன், மெயில், குறிப்பு. இவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் நமக்கென்றே வந்த தொல்லை. பெரும்பாலான தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக வைத்தால், ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் என்ன போடுவதென்று தெரியாமல் பக்கத்தை மூடுவார். நிறுவனக் கட்டம் மாவு வாங்குகிறவருக்கு எதற்கு? மெயில் கட்டம் முதலில் வந்தால் பாதியில் நின்றவருக்கும் எழுத முடியும்.

```php
add_filter( 'woocommerce_checkout_fields', function ( $f ) {
    unset( $f['billing']['billing_company'] );
    $f['billing']['billing_last_name']['required'] = false;
    $f['billing']['billing_email']['priority'] = 5;
    return $f;
} );
```

இந்த வரிகளைத் தீமின் `functions.php`-இல் போட்டுவிட்டு எதுவும் மாறவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு. 2023 நவம்பரில் வந்த 8.3 பதிப்பிலிருந்து புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு வூகாமர்ஸ் பிளாக் வகை செக்-அவுட்டைத் தருகிறது. அதில் இந்த ஃபில்டர் வேலை செய்யாது. அங்கே நிறுவனம் போன்ற கட்டங்களைப் பக்க எடிட்டரிலேயே அணைக்க வேண்டும். மெயில் கட்டம் அதில் இயல்பாகவே முதலில் நிற்கும்.

முகவரியின் இரண்டாவது வரியைச் சிலர் தேவையற்றது என்று எடுத்துவிடச் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு அது வேண்டும். கதவு எண்ணை விட 'பால் சொசைட்டிக்கு எதிரே', 'மாரியம்மன் கோயில் பின்புறம்' என்பதுதான் பார்சலைக் கொண்டு சேர்க்கும். எடுக்க வேண்டியது ஊரும் மாநிலமும்: பின்கோடை முதலில் கேட்டால் 635107 தேன்கனிக்கோட்டை, தமிழ்நாடு என்று தானே நிரம்பும்படி செய்யலாம். பின்கோடுக்கும் போனுக்கும் எண் விசைப்பலகை மட்டும் வரும்படி `inputmode="numeric"` என்று கொடுப்பதும், உலாவியில் ஏற்கெனவே சேமித்திருக்கும் முகவரி தானே வந்து உட்காரும்படி `autocomplete="postal-code"` போன்ற பெயர்களைச் சரியாகக் கொடுப்பதும் சின்ன வேலைகள். பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையில் போன் வைத்திருப்பவருக்கு அவை பெரிய உதவி.

இனி பணம். இந்தியக் கடையின் கார்ட் கதை மேற்கத்தியக் கட்டுரைகளிலிருந்து விலகிப்போகும் இடம் இது. அமெரிக்காவில் கார்டு எண்ணை அடித்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். இங்கே 2009 முதல் இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம், நடைமுறையில் ஓடிபி. 2016-இல் வந்த யூபிஐ அந்த எண்களையெல்லாம் ஒதுக்கிவிட்டது, ஆனால் வாடிக்கையாளரைக் கடையை விட்டு இன்னொரு செயலிக்கு அனுப்பித் திரும்ப வரவைக்கிறது. அந்தப் போக்குவரத்தில்தான் ஆட்கள் தொலைகிறார்கள். அஞ்செட்டிச் சாலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் பின் எண்ணைப் போட்டார், வங்கியில் பணம் பிடித்துவிட்டது, கடைப் பக்கம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அவர் போனை மூடுகிறார். கடையின் பட்டியலில் அவரும் 'கைவிட்டவர்'.

வூகாமர்ஸில் இந்த ஆர்டர் `pending payment` என்ற நிலையில் நிற்கும். சரக்கைப் பிடித்து வைக்கும் நேரம் முன்னிருப்பாக 60 நிமிடம். அதற்குள் பணம் வந்ததாகத் தகவல் வராவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாகும். பணம் வந்ததை கேட்வே நிறுவனம் கடைக்குத் தனியே சொல்லும் ஏற்பாடுதான் வெப்ஹூக். அதை அமைக்காத கடையில், வாடிக்கையாளரின் போன் திரும்ப வந்து சொன்னால்தான் கடைக்குத் தெரியும். ஆக, பணம் கட்டியவருக்கு ஆர்டர் ரத்து, மறுநாள் 'நீங்கள் விட்டுச்சென்ற ராகி மாவு' என்று ஒரு மெயில். அதைப் படிக்கிறவர் கடையை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எனவே நினைவூட்டலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, மாதத்தில் ரத்தான ஆர்டர்களையும் கேட்வே கணக்கில் வந்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பணம் வந்து ஆர்டர் ரத்தானது ஒன்றிரண்டு இருந்தாலும் வெப்ஹூக் சரியில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்த பிறகு, பணம் பாதியில் நின்றவருக்குத் தனி மெயில், பத்து நிமிடத்துக்குள். அதில் விற்பனைப் பேச்சே கூடாது. 'உங்கள் பணம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. கணக்கில் பிடித்திருந்தால் மறுபடி கட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்; பிடிக்காமல் இருந்தால் இந்த லிங்கில் கட்டலாம்' என்ற அளவு போதும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யூபிஐயில் பணம் பிடிக்கப்பட்டும் கடைக்கு உறுதி வராவிட்டால், பரிமாற்ற நாளுக்குப் பிறகு ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. இதையும் ஒரு வரியில் எழுதினால் பதற்றம் அடங்கும். பணம் கட்டும் லிங்க் ரத்தான ஆர்டருக்கு வேலை செய்யாது என்பதால், அந்த 60 நிமிடத்தை ஒரு நாளுக்காவது நீட்டி வைக்க வேண்டும். மாவுக் கடையில் சரக்கு ஒரு நாள் ஒதுங்கி நிற்பதால் குடிமுழுகாது.

மீதியிருப்பவர் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருப்பவர். அவருக்கு எப்போது எழுதுவது? வழிகாட்டிகள் பலவும் ஒரு மணி நேரத்துக்குள் என்கின்றன. ஷாப்பிஃபை பல காலம் பத்து மணி நேரத்தைப் பரிந்துரைத்தது. ஆய்வுகள் இந்தக் கேள்வியில் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2019-இல் சாஹ்னி, நாராயணன், கல்யாணம் மூவரும் பில்ட்டைரக்ட் என்ற கட்டுமானப் பொருள் கடையில் செய்த பரிசோதனையில், பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு விளம்பரம் காட்டியபோது நான்கு வாரத்தில் கடைக்குத் திரும்பியவர்கள் 14.6 சதவீதம் கூடினார்கள். முதல் வார விளம்பரத்தின் பலனில் கணிசமான பகுதி முதல் நாளிலேயே வந்துவிட்டது. சீக்கிரம் போவது நல்லது என்று இதைப் படிக்கலாம். 2021-இல் ஜிங் லி, ஷுவேமிங் லுவோ குழுவினர் 40,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த பரிசோதனை வேறு திசையைக் காட்டியது. கார்ட்டை விட்ட அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் நினைவூட்டல் காட்டினால், எதுவுமே காட்டாமல் விட்டதைவிட வாங்கியவர்கள் குறைந்தார்கள். ஒன்று முதல் மூன்று நாள் கழித்துக் காட்டியபோது கூடினார்கள்.

இரண்டும் விளம்பரங்களைப் பற்றியவை, மெயிலைப் பற்றியவை அல்ல. முதலாவது திரும்பி வந்தவர்களை எண்ணியது, இரண்டாவது வாங்கியவர்களை. இதை மனதில் வைத்தாலும் இரண்டாவது ஆய்வு சொல்லும் காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு மணி நேரத்தில் யாரும் எதையும் மறப்பதில்லை. அப்போது வரும் மெயில் நினைவூட்டல் அல்ல, தள்ளுமுள்ளு. ஒரு நாள் கழித்து வந்தால்தான் மறந்ததை நினைவுபடுத்தும். 24 மணி நேரத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஓசூர் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து இரவு பத்து மணிக்குப் போனைப் பார்ப்பவருக்கு, மறுநாளும் இரவு பத்து மணிக்கே மெயில் போகும். அவர் ஓய்வாக இருந்த நேரம் எது என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை, அவரே காட்டிவிட்டார். ஷிப்ட் மாறும் வாரத்தில் இது தவறும், தவறட்டும்.

மெயில் இப்படி இருக்கலாம்:

'வணக்கம்ங்க. நேற்று நீங்கள் எடுத்து வைத்த ராகி மாவு 2 கிலோ, கொள்ளு 1 கிலோ, புளி அரைக் கிலோ மூன்றும் இருப்பில் உள்ளன. பெங்களூரு 560068-க்கு டெலிவரி சேர்த்து மொத்தம் ரூ.600. கீழே உள்ள லிங்கைத் தொட்டால் நேராகப் பணம் கட்டும் பக்கம் வரும், மறுபடி எதையும் நிரப்ப வேண்டாம். வேண்டாம் என்று விட்டிருந்தால் இதையும் விட்டுவிடுங்கள். இன்னொரு மெயில் வராது. மாவு பற்றிக் கேட்க வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கே பதில் எழுதலாம்.'

கடைசி வரிதான் அதிகம் உழைக்கும். வாங்காததன் காரணத்தை வாடிக்கையாளர் வாயாலேயே கேட்க வேறு மலிவான வழி இல்லை: 'மாவு எந்தத் தேதியில் அரைத்தது?' என்று இரண்டு பேர் கேட்டால், அந்தத் தகவல் பொருள் பக்கத்தில் இல்லை என்று தெரிந்துவிடும். மெயில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ போக வேண்டுமா என்பதை, அவர் கடையை எந்த மொழியில் பார்த்தார் என்பதை வைத்து முடிவு செய்யலாம். பின்கோடை வைத்து ஊகிப்பது இந்த எல்லையில் சரிவராது, பெங்களூரில் இருப்பவர் தேன்கனிக்கோட்டைக்காரராக இருப்பார், இங்கிருப்பவர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்.

லிங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார்ட் பொதுவாக உலாவியின் குக்கியோடு இணைந்திருக்கும். ஆபீஸ் கணினியில் கார்ட் போட்டவர் மெயிலைப் போனில் திறந்தால், சாதாரண கார்ட் லிங்க் காலிப் பக்கத்தைக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு கருவியில் கார்ட் போட்டு இன்னொன்றில் மெயிலைத் திறந்து பார்ப்பது. பல கடைகள் இதை ஒருமுறைகூடச் செய்வதில்லை.

மெயில் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்வது தனி வித்தை. `gmail.com` முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு சர்வரிலிருந்து அனுப்பினால் அது ஸ்பாமுக்குப் போகும், அல்லது போகவே போகாது. கடையின் சொந்த டொமைன் முகவரி வேண்டும், அந்த டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. அடிக்கடி நடக்கும் தவறு, ஏற்கெனவே `v=spf1 include:_spf.google.com ~all` என்று ஒரு பதிவு இருக்க, மெயில் அனுப்பும் சேவைக்காக இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவைச் சேர்ப்பது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டானால் இரண்டும் செல்லாது. புதிய சேவையின் `include` பழைய வரிக்குள்ளேயே போக வேண்டும். சரியா என்று பார்க்க, மெயிலைத் தனக்கே அனுப்பி ஜிமெயிலில் `Show original` திறந்தால் `PASS` என்று வருகிறதா என்பது தெரியும்.

எத்தனை மெயில் என்ற கேள்விக்குச் சட்டமும் இப்போது கொஞ்சம் பதில் சொல்கிறது. 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று வகைத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. கடைசியில் விலையை ஏற்றிக் காட்டுவது, கேட்காததைக் கார்ட்டில் நுழைப்பது, பொய்யான அவசரம் காட்டுவது, ஓயாமல் நச்சரிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மூட்டை மூட்டையாக ராகி வைத்துக்கொண்டு 'இன்னும் 2 பாக்கெட் மட்டுமே' என்று எழுதுவது இனி வெறும் கெட்ட பழக்கம் மட்டுமல்ல. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டியை வாடிக்கையாளரின் சம்மதமாகக் காட்டி எதையும் அவர் வாங்கியதாகக் கொள்ளவும் முடியாது. மெயில் கட்டத்தின் கீழே 'ஆர்டர் பாதியில் நின்றால் ஒரு நினைவூட்டல் அனுப்புவோம்' என்று எழுதி, சொன்னபடி ஒன்றோடு நிற்பது நல்லது.

இப்போது கணக்கு. நம் கற்பனைக் கடையில் மாதம் 280 கார்ட் நின்றுபோகிறது, அதில் மெயில் முகவரி தெரிந்தது 90 பேருடையது என்று வையுங்கள். மெயிலே தராமல் போன 190 பேருக்கு எந்த மென்பொருளாலும் எழுத முடியாது. '70 சதவீதத்தை மீட்போம்' என்ற பேச்சு இங்கேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. அந்த 90 பேரைக் கார்ட் எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்தில் இரு பக்கமும் 270 பேர். மெயில் போனவர்களில் 30 பேர் வாங்கினார்கள், போகாதவர்களில் 19 பேர் தாங்களாகவே வந்து வாங்கினார்கள் என்று கொள்வோம்.

மென்பொருள் காட்டுவது 30 ஆர்டர், 18,000 ரூபாய் மீட்பு. மெயிலால் வந்தது உண்மையில் 11 ஆர்டர்தான். ஆர்டருக்கு 120 ரூபாய் நின்றால் ஆறு மாதத்தில் 1,320 ரூபாய் லாபம். மென்பொருளின் சந்தா இதைவிட அதிகமென்றால் கையால் அனுப்புவதே மேல். எல்லோருக்கும் அனுப்பினாலும் மாதம் 90 மெயில்தான், ஒரு நாளைக்கு மூன்று. மெயிலில் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வைத்து, அதே 30 பேர்தான் வாங்கினார்கள் என்றால், ஆளுக்கு 60 வீதம் 1,800 ரூபாய் போகும். எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய 19 பேருக்கும் சேர்த்துக் கொடுத்தாயிற்று. கூப்பன் இன்னும் பல பேரைக் கொண்டுவந்தால் மட்டுமே இது கட்டும். அதோடு, கார்ட்டில் விட்டால் கூப்பன் வரும் என்று பழைய வாடிக்கையாளர்கள் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது.

30-க்கும் 19-க்கும் உள்ள இந்த வித்தியாசம்கூடப் புள்ளியியல் கணக்கில் உறுதியானதல்ல. தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு வரக்கூடும். சிறு கடைக்கு இது சங்கடமான உண்மை. மெயிலின் தலைப்பை மாற்றினேன், மூன்று ஆர்டர் கூடியது என்று மாதாமாதம் முடிவெடுப்பது குருட்டாம்போக்கு. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதையும் நம்ப வேண்டாம். 2021-க்குப் பிறகு ஆப்பிள் மெயில் வாசகர் பார்க்காமலே மெயிலின் படங்களை இறக்கி, எல்லாம் திறந்ததாகக் காட்டுகிறது. இவ்வளவு சிறிய எண்களில் கண்ணுக்குத் தெரியும் அளவு மாற்றம் வருவது படிவத்தையும் பணம் கட்டும் வழியையும் திருத்தினால்தான், ஏனென்றால் அது 90 பேரை அல்ல, 280 பேரையும் தொடுகிறது.

கேஷ் ஆன் டெலிவரி வைத்திருக்கும் கடைக்கு ஒரு கழித்தல் மிச்சமிருக்கிறது. நினைவூட்டலால் அரைமனதாகத் திரும்பி வந்தவர் பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார், பார்சல் வாசலுக்கு வரும்போது மனம் மாறியும் இருப்பார். திரும்பி வரும் 4 கிலோ பெட்டிக்குப் போன கூரியர், வந்த கூரியர் இரண்டும் கடையின் செலவு. வந்த மாவை மறுபடி விற்கவும் முடியாது. ஒரு திரும்பிய பெட்டி, மெயிலால் வந்த ஒன்றிரண்டு ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடும். எனவே அந்த 30 ஆர்டரையும் மெயில் போன தேதியில் எண்ணக் கூடாது, கூரியர்காரர் 'டெலிவர்டு' என்று பதிந்து பணத்தைக் கட்டிய பிறகு எண்ண வேண்டும்.